எண் அறிந்து வரிசை அறிதல்

1 முதல் 9 வரையுள்ள ஒன்பது எண்களையும், ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டுமே வருமாறு, பல்வேறு வரிசைகளில் எழுதலாம். அவ்வாறு எழுதக் கிடைக்கும் வரிசைமாற்றங்கள் மொத்தம் 3,62,880. இவற்றைச் சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடியுமாறு ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவதாகக் கொள்வோம். முதல் வரிசை 123456789. இறுதி வரிசை 987654321. இப்பட்டியலில் 2,00,000 ஆவது இடத்தில் நிற்கும் வரிசை எது?

பட்டியலை எழுதிப் பார்த்து விடை காண முயல்வோர் முதலில் ஒரு கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு வரிசையை எழுதப் பத்து நொடி ஆகும் எனக் கொண்டால், உண்ணாமல் உறங்காமல் எழுதினாலும் இரண்டு இலட்சம் வரிசைகளை எழுதி முடிக்க இருபத்துமூன்று நாள்களுக்கு மேலாகும். பக்கத்திற்கு 25 வரிகள் எனில் 8,000 பக்கங்கள் தேவைப்படும். அது மட்டுமன்று, இடையில் ஒரே ஒரு வரிசை விடுபட்டாலும் அதற்குப் பின்வரும் எல்லா இட எண்களும் ஒன்று பிசகிவிடும். பிசகியது நமக்குத் தெரியவும் தெரியாது. ஆனால், இதே விடையை எட்டு வகுத்தல்களில், ஒரு தாளின் கால்பகுதியில் கண்டுவிட முடியும். அதற்கு வழி செய்வது காரணீயப்பெருக்கம்.

ஓர் இயல் எண்ணை, அதற்குக் கீழுள்ள எல்லா இயல் எண்களாலும் 1 வரை பெருக்கக் கிடைப்பதே அதன் காரணீயப்பெருக்கம் என்பதைக் கணிதப் பாடத்தில் அறிந்திருப்பீர்கள். 3! என்பது 3 × 2 × 1, அதாவது 6. 4! என்பது 24. வெவ்வேறான நான்கு பொருள்களை 24 வகையாக வரிசைப்படுத்தலாம் என்பதை மட்டுமே 4! சொல்வதாகப் பலர் எண்ணுகின்றனர். அந்த 24 வரிசைகளும் பட்டியலில் எவ்வாறு கூட்டம் கூட்டமாக நிற்கின்றன என்பதையும் காரணீயப்பெருக்கங்களே சொல்கின்றன. நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது செய்தி.

தொகுதிகளாகக் காணல்

1, 2, 3, 4 ஆகிய நான்கு எண்களின் வரிசைமாற்றங்கள் முழுவதையும் ஏறுவரிசையில் எழுதுவோம். எண்ணிக்கை குறைவாதலால் இங்கே எழுதிப் பார்ப்பதில் துன்பம் இல்லை.

1 முதல் 6 வரை: 1234, 1243, 1324, 1342, 1423, 1432
7 முதல் 12 வரை: 2134, 2143, 2314, 2341, 2413, 2431
13 முதல் 18 வரை: 3124, 3142, 3214, 3241, 3412, 3421
19 முதல் 24 வரை: 4123, 4132, 4213, 4231, 4312, 4321

ஒவ்வொரு வரியிலும் ஆறு வரிசைகள் உள்ளன. அவை அனைத்திற்கும் முதல் எண் ஒன்றே. முதல் எண்ணை நிலைநிறுத்திய பின் எஞ்சும் மூன்று எண்கள் 3! வகையாக, அதாவது ஆறு வகையாக இடம் மாறலாம் என்பதே இதற்குக் காரணம். எனவே, பட்டியல் தானாகவே ஆறு ஆறாகப் பிரிந்து நான்கு தொகுதிகள் ஆகின்றது.

இப்போது ஏதேனும் ஒரு தொகுதிக்குள் நுழைந்து பாருங்கள். 3 இல் தொடங்கும் மூன்றாம் தொகுதியை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டாம் இடத்தில் 1 வருவன இரண்டு. 2 வருவன இரண்டு. 4 வருவன இரண்டு. ஆறு கொண்ட தொகுதி, இரண்டு இரண்டாக மூன்று உட்பிரிவுகளாகப் பிரிகின்றது. இந்த இரண்டு என்பது 2!. உட்பிரிவுக்குள் இருக்கும் இரண்டும் ஒவ்வொன்றாகப் பிரிகின்றன, அது 1!. மாவட்டம், வட்டம், ஊர் என்று முகவரி சுருங்கிக்கொண்டே செல்வது போல, 3!, 2!, 1! என்று தொகுதியின் அளவு சுருங்கிக்கொண்டே சென்று இறுதியில் ஒரே ஒரு வரிசையில் வந்து நிற்கின்றது. நாம் தேடும் இட எண் எந்தத் தொகுதியில் விழுகின்றது என்பதை ஒவ்வொரு நிலையிலும் வகுத்தல் சொல்லிவிடும். மற்ற தொகுதிகளை எழுத வேண்டிய தேவையே இல்லை.

பதினேழாவது வரிசை

நான்கு எண்களின் பட்டியலில் 17 ஆவது வரிசையைக் காண்போம். முதலில் 17 இலிருந்து 1 ஐக் கழித்து 16 எனக் கொள்ள வேண்டும். இக்கழித்தலின் காரணத்தைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

16 ஐ 3! ஆகிய 6 ஆல் வகுக்க, ஈவு 2, மீதி 4. ஈவு 2 என்பதன் பொருள், இரண்டு முழுத் தொகுதிகளைக் கடந்துவிட்டோம் என்பது. 1 இல் தொடங்குவனவும் 2 இல் தொடங்குவனவும் கழிந்தன. ஆகவே முதல் எண் 3. அதைப் பயன்படுத்திவிட்டதால் நீக்கிவிடுவோம். எஞ்சுவன 1, 2, 4.

மீதியாகிய 4 ஐ 2! ஆகிய 2 ஆல் வகுக்க, ஈவு 2, மீதி 0. எஞ்சிய 1, 2, 4 என்பவற்றில் இரண்டைக் கடந்தால் நிற்பது 4. ஆகவே இரண்டாம் எண் 4. எஞ்சுவன 1, 2.

மீதியாகிய 0 ஐ 1! ஆகிய 1 ஆல் வகுக்க, ஈவு 0. எதனையும் கடக்கவில்லை, எனவே எஞ்சியவற்றுள் முதலாவதாகிய 1 மூன்றாம் இடம் பெறுகின்றது. கடைசியாக எஞ்சும் 2 நான்காம் இடத்திற்கு உரியது. விடை 3412. மேலே உள்ள பட்டியலில் எண்ணிப் பாருங்கள்; பதினேழாவதாக அதுவே நிற்கின்றது.

ஏன் ஒன்றைக் கழிக்கின்றோம்?

வகுத்தலின் ஈவு, 'இதற்கு முன் எத்தனை முழுத் தொகுதிகள் கழிந்தன' என்பதைச் சொல்வது. ஆதலால் வகுக்கப்படும் எண்ணும், 'இதற்கு முன் எத்தனை வரிசைகள் கழிந்தன' என்பதாக இருத்தல் வேண்டும். 17 ஆவது வரிசைக்கு முன்னே நிற்பவை 16. முதல் வரிசைக்கு முன்னே நிற்பது எதுவும் இல்லை, அதாவது 0. இட எண் என்பது வேறு. முன்னே நிற்பவற்றின் எண்ணிக்கை என்பது வேறு. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள அந்த ஒன்றையே கழிக்கின்றோம்.

இதைக் கழிக்க மறந்தால் என்ன ஆகும்? 18 ஆவது வரிசையைக் கேட்டால், 18 ஐ அப்படியே 6 ஆல் வகுப்பர். ஈவு 3, மீதி 0. முதல் எண் 4 என்றாகி, விடை 4123 என வரும். பட்டியலில் அது 19 ஆவது. 18 ஆவதாக நிற்பது 3421. கழிக்க மறப்பவருக்கு எப்போதும் கேட்ட வரிசைக்கு அடுத்த வரிசையே கிடைக்கும். கிடைத்த விடையும் குற்றமற்ற ஒரு வரிசைமாற்றமாகவே தோன்றுவதால் பிழை கண்ணில் படாது. இதனைக் காட்டிக்கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. கடைசி வரிசையாகிய 24 ஐக் கேட்டுப் பாருங்கள். 24 ஐ 6 ஆல் வகுக்க ஈவு 4. நான்கு எண்களையும் கடந்த பின் எடுத்துக்கொள்ள ஐந்தாவது எண் இல்லை. எனவே ஒரு வழிமுறையைச் சரிபார்க்கும்போது நடுவிலுள்ள இட எண்களைவிட, முதல் இட எண்ணையும் கடைசி இட எண்ணையும் கொடுத்துப் பார்ப்பதே பயனுடையது.

மற்றொரு பிழை, ஈவுடன் 1 ஐக் கூட்டி அதனையே விடையின் எண்ணாக எழுதிவிடுவது. மேலே 17 ஆவது வரிசைக்குக் கிடைத்த ஈவுகள் 2, 2, 0. இவற்றை நேராக எழுதுபவர் 3, 3, 1 என எழுதுவார். 3 இருமுறை வந்துவிட்டது. ஈவு என்பது எண்ணின் பெயர் அன்று. எஞ்சியிருப்போர் வரிசையில் அதன் இருக்கை. முதலில் எடுத்த 3 எழுந்து சென்றபின், மூன்றாம் இருக்கையில் 4 அமர்ந்துவிடுகின்றது. விடையில் எந்த எண்ணாவது இருமுறை வந்தால், நீக்கும் வேலையை எங்கோ விட்டுவிட்டோம் என்று உடனே அறியலாம். இந்தப் பிழை முன்னதைப் போல் மறைந்து நிற்பதில்லை. அந்த அளவில் இது நல்ல பிழை.

இரண்டு இலட்சமாவது வரிசை

இனி, தொடக்கத்தில் கேட்ட வினாவிற்கு வருவோம். ஒன்பது எண்கள், இட எண் 2,00,000. முன்னே நிற்பவை 1,99,999. முதல் எண்ணை நிறுத்தியபின் எட்டு எண்கள் எஞ்சுவதால் முதல் வகுத்தி 8!, அதாவது 40,320. அடுத்தடுத்த வகுத்திகள் 5,040, 720, 120, 24, 6, 2, 1.

1,99,999 ஐ 40,320 ஆல் வகுக்க, ஈவு 4, மீதி 38,719. நான்கைக் கடந்து நிற்பது 5. எஞ்சுவன 1, 2, 3, 4, 6, 7, 8, 9.

38,719 ஐ 5,040 ஆல் வகுக்க, ஈவு 7, மீதி 3,439. ஏழைக் கடந்து நிற்பது 9. எஞ்சுவன 1, 2, 3, 4, 6, 7, 8.

3,439 ஐ 720 ஆல் வகுக்க, ஈவு 4, மீதி 559. எடுப்பது 6. எஞ்சுவன 1, 2, 3, 4, 7, 8.

559 ஐ 120 ஆல் வகுக்க, ஈவு மறுபடியும் 4, மீதி 79. ஈவு அதே 4 ஆயினும் இம்முறை எடுப்பது 7. முன்னர்ச் சொன்ன இருக்கை மாற்றத்தை இங்கே நினைவுகொள்க. எஞ்சுவன 1, 2, 3, 4, 8.

79 ஐ 24 ஆல் வகுக்க, ஈவு 3, மீதி 7. எடுப்பது 4. எஞ்சுவன 1, 2, 3, 8.

7 ஐ 6 ஆல் வகுக்க, ஈவு 1, மீதி 1. எடுப்பது 2. எஞ்சுவன 1, 3, 8.

1 ஐ 2 ஆல் வகுக்க, ஈவு 0, மீதி 1. எடுப்பது 1. எஞ்சுவன 3, 8.

1 ஐ 1 ஆல் வகுக்க, ஈவு 1, மீதி 0. எடுப்பது 8. எஞ்சிய 3 கடைசியில் நிற்கும்.

விடை 596742183. இருபத்துமூன்று நாள் வேலை எட்டு வரிகளில் முடிந்தது.

இவ்விடை சரியா என்பதை எப்படி அறிவது? 2,00,000 வரிசைகளை எழுதிப் பார்க்க இயலாது. ஆனால் வந்த வழியே திரும்பிச் செல்லலாம். விடையிலுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் வலப்புறத்தில் அதனினும் சிறிய எண்கள் எத்தனை உள்ளன என்று எண்ணுங்கள். 5 க்கு வலப்புறம் 4, 2, 1, 3 என நான்கு. 9 க்கு வலப்புறமுள்ள ஏழும் சிறியவை. 6 க்கு நான்கு. 7 க்கு நான்கு. 4 க்கு மூன்று. 2 க்கு ஒன்று. 1 க்கு எதுவுமில்லை. 8 க்கு ஒன்று. நாம் கண்ட ஈவுகளே மீண்டும் வந்துவிட்டன. இவை தற்செயலாக ஒத்துப்போகவில்லை. ஓர் இடத்தில் ஓர் எண்ணை நிறுத்தும்போது, எஞ்சியவற்றுள் அதனினும் சிறியவற்றைக் கடந்தே வருகின்றோம்; கடந்துவந்த அவை அனைத்தும் வலப்புறத்தில்தானே இடம்பெற முடியும்?

இந்த எண்ணிக்கைகளை உரிய காரணீயப்பெருக்கங்களால் பெருக்கிக் கூட்டுவோம்.

4 × 40320 + 7 × 5040 + 4 × 720 + 4 × 120 + 3 × 24 + 1 × 6 + 0 × 2 + 1 × 1 = 199999

கழித்த ஒன்றைத் திரும்பச் சேர்த்தால் 2,00,000. கணிதப் பாடத்தில் ஒரு சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றி, அச்சொல் அகராதி வரிசையில் எத்தனையாவதாக வரும் என்று கேட்பார்களே, அந்த வினாவிற்கு விடை காணும் முறையும் இதுவே. அங்கே வரிசையைத் தந்து எண்ணைக் கேட்கின்றனர். இங்கே எண்ணைத் தந்து வரிசையைக் கேட்கின்றோம்.

ஒரே விடை என்பதன் உறுதி

இரு வேறு இட எண்களுக்கு ஒரே வரிசை கிடைத்துவிடாதா, அல்லது ஏதேனும் ஒரு வரிசை எந்த எண்ணிலும் அகப்படாமல் போய்விடாதா என்ற ஐயம் எழலாம். எழவேண்டிய ஐயந்தான். நாம் அன்றாடம் பயன்படுத்தும் பதின்ம முறையை நினைத்துப் பாருங்கள். ஒன்று, பத்து, நூறு என ஒவ்வோர் இடமும் முந்தைய இடத்தின் பத்து மடங்கு. ஓர் இடத்தில் 9 வரை எழுதலாம்; 9 நிறைந்தால் அடுத்த இடத்திற்குத் தாண்ட வேண்டும். 999 உடன் 1 ஐக் கூட்டினால் 1000.

காரணீயப்பெருக்க முறையில் இடங்களின் மதிப்பு 1!, 2!, 3!, 4! எனச் செல்கின்றது. முதல் இடத்திலிருந்து இரண்டாம் இடம் இரு மடங்கு. அதிலிருந்து அடுத்தது மும்மடங்கு. அதற்கடுத்தது நான்கு மடங்கு. ஆதலால் முதல் இடத்தில் 1 வரையும், இரண்டாம் இடத்தில் 2 வரையும், மூன்றாம் இடத்தில் 3 வரையும் மட்டுமே எழுதலாம். எல்லா இடங்களையும் நிறைத்துப் பார்ப்போம்: 1 × 1 + 2 × 2 + 3 × 6 = 23. இதனுடன் 1 ஐக் கூட்ட 24, அதுவே 4!, அதாவது அடுத்த இடத்தின் மதிப்பு. 999 க்கு அடுத்து 1000 வருவது போலவே, இடைவெளியும் இல்லாமல் மேற்படிதலும் இல்லாமல் அடுத்த இடம் தொடங்குகின்றது. எனவே 0 முதல் 23 வரையுள்ள ஒவ்வோர் எண்ணையும் இம்முறையில் ஒரே ஒரு வகையாகத்தான் எழுத முடியும். அவ்வகைகளும் 24, வரிசைமாற்றங்களும் 24. ஒன்றுக்கு ஒன்று பொருந்திவிடுகின்றன.

சுரங்களின் இழந்த வரிசை

இக்கருத்து அண்மைக் காலத்தது அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில், தேவகிரியை ஆண்ட யாதவ மன்னன் சிங்கணனின் அவையில் இருந்த சார்ங்கதேவர், சங்கீத ரத்னாகரம் என்னும் வடமொழி இசைநூலை இயற்றினார். ச, ரி, க, ம, ப, த, நி என்னும் ஏழு சுரங்களையும் இடம் மாற்றி அடுக்கினால் 7! வரிசைகள், அதாவது 5,040 கிடைக்கும். இவற்றை ஓர் ஒழுங்கில் விரித்து எழுதுவதற்குப் பிரஸ்தாரம் என்று பெயர். எண்ணைக் கொடுத்து வரிசையைக் காண்பது நஷ்டம்; வரிசையைக் கொடுத்து எண்ணைக் காண்பது உத்திஷ்டம். நஷ்டம் என்னும் சொல்லுக்கு இங்கே இழந்தது என்பது பொருள். பட்டியலில் ஒரு வரிசை அழிந்துவிட்டது, அதன் இட எண் மட்டும் தெரியும் என்றால், முழுப் பட்டியலையும் மீண்டும் எழுதாமல் அதை மீட்பது எப்படி என்பதே வினா. நாம் இதுவரை கண்டதும் இதுவன்றி வேறில்லை.

அந்நூலின் அடுக்குமுறை நாம் கண்டதிலிருந்து சற்று மாறுபட்டது. அங்கே இடப்புறச் சுரங்களே விரைந்து இடம் மாறும். கடைசிச் சுரம் மிக மெதுவாக மாறும். மூன்று சுரங்களுக்கு வரிசை இவ்வாறு அமையும்: சரிக, ரிசக, சகரி, கசரி, ரிகச, கரிச. முதல் இரண்டில் க கடைசியில் நிற்கின்றது. அடுத்த இரண்டில் ரி. இறுதி இரண்டில் ச. ஆகவே தொகுதிகளைக் கடைசி இடத்திலிருந்து பிரிக்க வேண்டும்; எஞ்சிய சுரங்களை மேலிருந்து கீழாக, அதாவது நி, த, ப, ம, க, ரி, ச என எண்ண வேண்டும்.

ஏழு சுரங்களின் பிரஸ்தாரத்தில் 3,000 ஆவது வரிசையைக் கேட்போம். முன்னே நிற்பவை 2,999. இதனை 720, 120, 24, 6, 2, 1 ஆகியவற்றால் அடுத்தடுத்து வகுக்கக் கிடைக்கும் ஈவுகள் 4, 0, 4, 3, 2, 1. நியிலிருந்து நான்கைக் கடந்தால் க; அது ஏழாம் இடத்தில் நிற்கும். அடுத்த ஈவு 0. எஞ்சியவற்றுள் மேலேயுள்ள நி ஆறாம் இடம் பெறும். இப்போது எஞ்சியவை மேலிருந்து த, ப, ம, ரி, ச. நான்கைக் கடந்தால் ச, ஐந்தாம் இடம். அடுத்து மூன்றைக் கடந்தால் ரி, நான்காம் இடம். இரண்டைக் கடந்தால் ம, மூன்றாம் இடம். ஒன்றைக் கடந்தால் ப, இரண்டாம் இடம். எஞ்சிய த முதலில் நிற்கும். இழந்த வரிசை: த ப ம ரி ச நி க.

சார்ங்கதேவரின் முறையில் வகுத்தல்கூட இல்லை. அவர் கண்டமேரு என்னும் கட்டங்களாலான அட்டவணையை அமைத்தார். அதன் ஏழாம் பத்தியில் 0, 720, 1440, 2160, 2880, 3600, 4320 என 6! இன் மடங்குகள் உள்ளன. ஆறாம் பத்தியில் 120 இன் மடங்குகள், ஐந்தாம் பத்தியில் 24 இன் மடங்குகள் என அட்டவணை சுருங்கிக்கொண்டே வரும். பத்திக்கு ஒன்றாக எண்களைத் தேர்ந்து, கூட்டுத்தொகை கேட்ட எண்ணாக வருமாறு செய்ய வேண்டும். தேர்ந்த எண் பத்தியில் எத்தனையாவது கட்டத்தில் உள்ளதோ அதுவே சுரத்தைக் காட்டும். 3,000 க்கு உரிய எண்கள் 2880, 0, 96, 18, 4, 1, 1.

இறுதியில் இரண்டு ஒன்றுகள் வருவதைக் கவனியுங்கள். முதல் பத்தியில் இருப்பது ஒரே ஒரு கட்டம். அதில் 0 க்கு மாறாக 1 எழுதப்பட்டுள்ளது. மற்றெல்லாப் பத்திகளும் 0 இல் தொடங்க, இது மட்டும் 1 இல் தொடங்குவதன் காரணம் இப்போது விளங்கும். நாம் ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்துக் கழிக்கும் அந்த ஒன்றை, அவர் அட்டவணைக்குள்ளேயே அடைத்துவிட்டார். பயன்படுத்துவோர் மறக்க வழியே இல்லை.

முறை செல்லாத இடங்கள்

எஞ்சும் எண்கள் அனைத்தும் வெவ்வேறானவையாக இருந்தால் மட்டுமே தொகுதிகள் சம அளவில் அமையும். ஒரே எண் இருமுறை வந்தால் நிலைமை மாறிவிடும். 1, 1, 2, 3 ஆகியவற்றை எடுத்துக்கொண்டால் மொத்த வரிசைகள் 24 அல்ல, 12. அவற்றுள் 1 இல் தொடங்குவன ஆறு. 2 இல் தொடங்குவன 1, 1, 3 எஞ்சுவதால் மூன்று. 3 இல் தொடங்குவனவும் மூன்று. தொகுதிகள் சமமாக இல்லாதபோது ஒரே எண்ணால் வகுப்பதற்குப் பொருள் இல்லை. அங்கே ஒவ்வொரு தொகுதியின் அளவையும் தனித்தனியே கண்டு, கழித்துக்கொண்டே செல்ல வேண்டும். 8 ஆவது வரிசை வேண்டுமெனில், முன்னே நிற்பவை 7. 1 இன் தொகுதியாகிய 6 ஐக் கழிக்க 1 எஞ்சுகின்றது. 2 இன் தொகுதியில் மூன்று வரிசைகள் இருப்பதால் விடை அதற்குள்ளேயே உள்ளது. முதல் எண் 2. அடுத்து 1, 1, 3 என்பவற்றில் 1 இல் தொடங்குவன 113, 131 என இரண்டு. 2 ஐ நீக்கியபின் இரண்டாம் இடத்தில் 1 வைத்தால் எஞ்சும் 1, 3 இரண்டு வகையாக நிற்கும் என்பதே கணக்கு. எஞ்சிய 1 ஐக் கடந்தால் அவற்றுள் இரண்டாவது, விடை 2131.

கணினியில் இம்முறையைப் பயன்படுத்துவோர் வேறொரு தடையைச் சந்திப்பர். காரணீயப்பெருக்கங்கள் மிக விரைவாக வளர்கின்றன. 12! என்பது 47,90,01,600. 13! என்பது 622 கோடியைத் தாண்டிவிடும். 32 பிட்டுகளில் குறியுடன் முழு எண்களைச் சேமிக்கும்போது, கொள்ளக்கூடிய மிகப்பெரிய எண் 214,74,83,647. எனவே 13! அதில் அடங்காது. 64 பிட்டுகளில் 20! வரை அடங்கும், 21! அடங்காது. அடங்காதபோது பல மொழிகளில் நிரல் நின்றுவிடுவதில்லை. தவறான வகுத்தியை வைத்துக்கொண்டு தவறான விடையை அமைதியாகத் தந்துவிடும். அப்போதும், விடையிலிருந்து இட எண்ணைத் தாளில் திரும்பக் கணக்கிட்டுப் பார்த்தால் பிழை வெளிப்பட்டுவிடும்.